பெட்டியை உடைக்கும் பங்கு

நிக்கோலஸ் டார்வஸ் மேடை நடனக்காரர். 1950-களில் ஊர் ஊராக ஆடிக்கொண்டே, தந்தி வழியாக அமெரிக்கப் பங்குகளை வாங்கி விற்றவர். ஏறுகிற பங்கு நடுவில் ஒரு பெட்டிக்குள் நின்று மூச்சு வாங்கும் என்பது அவர் கண்டது.

ஒரு கற்பனைப் பங்கைப் பார்ப்போம். 400 ரூபாயிலிருந்து ஏறி 500-ஐத் தொடுகிறது. அடுத்த மூன்று நாளும் அதைத் தாண்டவில்லை. அதுவே பெட்டியின் கூரை. பிறகு 476 வரை இறங்கி, மூன்று நாள் அதற்குக் கீழே போகவில்லை, அது தரை. இடைவெளி ஐந்து சதவீதத்துக்குள். இப்படி இறுக்கமாக இருந்தால்தான் நஷ்டமும் சிறிதாகும்.

கூரையைத் தாண்டி 501-இல் வாங்கி, ஸ்டாப் லாஸை 474-இல் வைக்கலாம். தரையிலேயே வைத்தால், விலை அதை லேசாகத் தொட்டுத் திரும்பும்போதே நம்மை வெளியே தள்ளிவிடும். பங்குக்கு 27 ரூபாய் ஆபத்து. 5,400 ரூபாய் வரை இழக்கத் தயார் என்றால் 200 பங்குகள். அதற்கு மேல் ஆசை வேண்டாம்.

வாங்கியவர்களின் கூட்டமே இல்லாமல் கூரையை எட்டிப் பார்த்துவிட்டு, மாலைக்குள் பெட்டிக்குள்ளேயே முடிந்தால் அது பெரும்பாலும் போலி உடைப்பு. இன்னொரு சங்கடம்: கெட்ட செய்தியால் காலையில் 455-இல் சந்தை திறந்தால், 474-இல் வாங்க ஆளே இருக்காது.