ஆர்டர் போட்ட பணம்

கொள்முதல் ஆணை கொடுத்த அன்றே அந்தத் தொகை செலவாகிவிட்டதாகக் கருதப்பட வேண்டும். பல அலுவலகங்களில் பில்லுக்குப் பணம் கொடுத்த பிறகே கணக்கில் ஏறுகிறது. இடைப்பட்ட வாரங்களில் கையிருப்பு பொய்யாகப் பெருத்துத் தெரியும்.

ஒரு கல்லூரியின் ஆய்வகச் செலவுத் தலைப்பில் 10 லட்சம் ரூபாய் இருப்பதாகக் கொள்வோம். கொடுத்து முடித்தது 6 லட்சம். கருவிகளுக்கான 3,20,000 ரூபாய் ஆர்டருக்கு இன்னும் பில் வரவில்லை. பேரேடு 4 லட்சம் மீதி என்கிறது; உண்மையில் மீதி 80,000 மட்டுமே. பேரேட்டை நம்பி 1,50,000 ரூபாய்க்கு வேதிப்பொருள் வாங்கினால் 70,000 ரூபாய் மிஞ்சிப்போகும். அது பில்கள் வந்த பிறகே தெரியும்.

இதைத் தடுக்க, ஆணை எழுதும்போதே ஜிஎஸ்டி உட்பட முழுத்தொகையும் ‘கடப்பாடு’ என்ற பத்தியில் ஏற்றப்படுகிறது. பில் வந்ததும் கடப்பாட்டிலிருந்து ஆணைத் தொகை நீங்கி, பில் தொகை செலவில் ஏறும். பில் 3,35,000 என்று வந்தால் மீதி 65,000. கடப்பாட்டை நீக்க மறந்தால் ஒரே செலவு இருமுறை கழியும்.

பாதிச் சரக்கோடு நின்றுபோன பழைய ஆணைகள் இன்னொரு தொல்லை. வராத பொருளுக்குப் பணம் முடங்கிக் கிடக்கும். மாதந்தோறும் நிலுவைப் பட்டியலைப் பார்த்து, சப்ளையரிடம் கேட்டு, அவற்றை முடித்துவிட வேண்டும்.