கண்ணுக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்

என் அண்ணன் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். பத்திரிகை அடிக்கக் கொடுத்த வாரம் ஒரு சின்ன டப்பாவை என் கையில் வைத்து, "அத்தை, ரிசப்ஷனுக்கு இதைத்தான் போடப்போறேன். அம்மாகிட்ட இப்ப சொல்லிடாதீங்க" என்றாள். ஆன்லைனில் வாங்கிய நீல நிறக் கான்டாக்ட் லென்ஸ். பவர் கிடையாது. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். காலாவதித் தேதி இல்லை, தயாரித்தவர் பெயர் இல்லை, அளவும் இல்லை. ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்த்த குடும்பம். கண்ணுக்குள் வைக்கிற பொருளுக்கு ஒரு பொருத்தமும் பார்க்கவில்லை. மறுநாளே அவளைக் கண் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன்.

பவர் இல்லாத லென்ஸ் வளையல், பொட்டு மாதிரி அலங்காரப் பொருள்தானே என்று பலரும் நினைக்கிறார்கள். கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. கண்ணின் முன்பக்கம் கண்ணாடிபோல் இருக்கும் கார்னியாவுக்கு ரத்தக்குழாய் கிடையாது. தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனைப் பெரும்பாலும் காற்றிலிருந்து, கண்ணீர் வழியாகத்தான் எடுத்துக்கொள்கிறது. லென்ஸ் அதை மூடி உட்காருகிறது. பவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மூடுவது மூடுவதுதான். அமெரிக்காவில் 2005-லேயே பவர் இல்லாத கலர் லென்ஸையும் மருத்துவக் கருவி என்று சட்டம் போட்டு, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்றார்கள்.

பரிசோதித்த ஆப்டோமெட்ரிஸ்ட் முதலில் அந்த டப்பாவைப் பிரித்தார். ஒரு லென்ஸை உள்ளங்கையில் வைத்து, ஈரமான பஞ்சுக் குச்சியால் நாலைந்து தடவை தேய்த்தார். பஞ்சில் நீலம் ஒட்டியது. நல்ல தயாரிப்பில் சாயம் லென்ஸின் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே இருக்கும், தேய்த்தால் வராது. மேலே அச்சடித்த சாயம் சொரசொரப்பாக இருக்கும். இமை ஒவ்வொரு முறை மூடித் திறக்கும்போதும் அது உரசும், கிருமி தங்கவும் இடம் கொடுக்கும். அந்த டப்பா அங்கேயே குப்பைக்கூடைக்குப் போனது. அவள் முகம் வாடியது. எனக்கு நிம்மதி.

பிறகுதான் அளவெடுத்தார்கள். எல்லோருடைய கண்ணின் வளைவும் ஒன்றல்ல. லென்ஸ் டப்பாவில் 8.6, 14.2 என்பதுபோல் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது வளைவு, அடுத்தது குறுக்களவு, இரண்டும் மில்லிமீட்டரில். நுண்ணோக்கி போன்ற ஸ்லிட் லாம்ப் கருவியில் தாடையை வைக்கச் சொல்லி, மாதிரி லென்ஸ் போட்டு, இமைக்கச் சொன்னார். சரியாகப் பொருந்திய லென்ஸ் இமைக்கும்போது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக நகர்ந்து, திரும்பத் தன் இடத்துக்கு வரும். அந்த நகர்வில்தான் அடியில் கண்ணீர் புதிதாகப் போய்வருகிறது. இறுக்கமான லென்ஸ் அசையாது. போட்டவுடன் சுகமாகவே இருக்கும், சில மணி நேரத்தில் கண் சிவக்கும். தளர்ந்த லென்ஸோ வழுக்கி ஓடும். அப்போது சாயவட்டம் ஒருபக்கம் ஒதுங்கி, மறுபக்கம் சொந்தக் கண் பிறைபோலத் தெரியும். பொய்க்கண் என்று எதிரில் நிற்பவர் கண்டுபிடிப்பது பெரும்பாலும் இந்தப் பிறையால்தான். கண்ணுக்கு ஆகாத லென்ஸ் பார்வைக்கும் ஆகாது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அடுத்தது நிறம். நம் ஊர்க் கண்கள் பெரும்பாலும் அடர்ந்த பழுப்பு. லேசாகச் சாயம் ஏற்றிய லென்ஸ், வெளிர்நிறக் கண்ணில்தான் எடுபடும். நம் கண்ணில் போட்டால் கறுப்புச் சேலையை நீலச் சாயத்தில் முக்கிய கதைதான். அதனால் ஒளி ஊடுருவாத சாயத்தைப் புள்ளி புள்ளியாக அச்சடித்த வகை தேவைப்படுகிறது. நடுவில் பார்ப்பதற்கு மட்டும் ஒரு வட்டத்தைத் தெளிவாக விட்டிருப்பார்கள். இந்த ஓட்டை அளவு மாறாதது. கண்ணின் பாப்பாவோ வெளிச்சத்தில் சுருங்கும், இருட்டில் விரியும். மேடை விளக்கில் பாப்பா சுருங்கினால், சாயத்துக்கு உள்ளே சொந்தப் பழுப்பு ஒரு வளையமாகத் தெரியும். இருட்டில் விரிந்தால் சாயத்தின் ஓரம் பார்வையில் விழுந்து மங்கும். கலர் லென்ஸோடு இரவில் வண்டி ஓட்ட வேண்டாம் என்று சொல்வது இதற்காகத்தான்.

முதலில் நீலம்தான் போட்டுப் பார்த்தாள். கடைக் கண்ணாடியில் அவளுக்குப் பிடித்தது. ஜன்னல் பக்கம் திருப்பி நிறுத்திக் கைநீள தூரத்தில் பார்த்தேன்; கண்ணுக்குள் பழுப்பு வளையமும் நீல வளையமும் தனித்தனியாக நின்றன. சாம்பல் நிறத்தில் பார்வை வெறித்ததுபோல் இருந்தது. மூன்றாவது தேன் நிறம். அதில் இரண்டு மூன்று சாயல்கள் கலந்திருந்தன. உள் ஓரத்தில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் சிதறி, அவளுடைய பழுப்போடு கலந்துவிட்டன. வெளி ஓரத்தில் கருவளையம் இருந்தது, ஆனால் கோடு இழுத்ததுபோல் இல்லாமல் மங்கலாக. கண் மாறியது, யாருடைய கண்ணோ என்று தோன்றவில்லை. கண்ணைப் பெரிதாகக் காட்டும் பொம்மைக்கண் லென்ஸ் ஒன்றும் இருந்தது. அதைப் பற்றி நான் சொன்னதை இங்கே எழுத வேண்டாம்.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்பே பழகச் சொன்னார்கள்: முதல் நாள் இரண்டு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி. ஒரே நாளில் தூக்கிப்போடும் வகையைத்தான் எடுத்தோம். அதற்குக் கழுவும் திரவமும் வேண்டாம், வைக்கும் டப்பாவும் வேண்டாம். மாத லென்ஸ் என்றால் ஒவ்வொரு முறையும் புதுத் திரவம் விட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். பழையதன்மேல் ஊற்றி நிரப்பக் கூடாது. தண்ணீர் மட்டும் படவே கூடாது, ஆர்.ஓ. தண்ணீரும் சேர்த்து. குழாய்த் தண்ணீரில் இருக்கும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிரி கார்னியாவில் புகுந்தால் மாதக்கணக்கில் வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும். மேக்கப் செய்பவர் தன் பெட்டியிலிருந்து லென்ஸ் எடுத்துக் கொடுத்தால், அது இதற்கு முன் எத்தனை மணப்பெண்களின் கண்ணில் இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

ரிசப்ஷன் அன்று ஹேர் ஸ்ப்ரே முடிந்தபின் கையைச் சோப்பால் கழுவித் துடைத்து, லென்ஸைப் போட்டுக்கொண்டாள். மை, பவுடர் எல்லாம் அதற்குப் பிறகு. இமையின் உள்விளிம்பில் மை தீட்டவில்லை. அது நேரே லென்ஸில் ஒட்டும். இரவில் முதலில் லென்ஸைக் கழற்றினாள், பிறகுதான் மேக்கப்பைக் கலைத்தாள். அசதியில் அப்படியே தூங்கிவிடுவாளோ என்று நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மூடிய இமைக்குள் ஆக்ஸிஜன் இன்னும் குறையும்.

2024 ஜூலையில் டெல்லியில் ஒரு நிகழ்ச்சிக்காக லென்ஸ் போட்ட நடிகை ஜாஸ்மின் பாசினுக்குக் கொஞ்ச நேரத்திலேயே கண் வலித்தது. ஒப்புக்கொண்ட வேலையாயிற்றே என்று கறுப்புக் கண்ணாடியோடு நிகழ்ச்சியை முடித்துவிட்டே மருத்துவரிடம் போனார், கார்னியா பாதிக்கப்பட்டிருந்தது. மணமேடையில் நிற்கும் பெண்ணும் அப்படித்தான் பொறுத்துக்கொள்வாள். பொறுக்க வேண்டாம். வலி, சிவப்பு, வெளிச்சம் கூசுதல், பார்வை மங்கல் என எது வந்தாலும் உடனே கழற்றுங்கள், அதையே திரும்பப் போடாதீர்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் தொற்று இன்னும் மோசமாகும். கழற்றியும் அடங்கவில்லையென்றால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். போகும்போது லென்ஸையும் அதன் டப்பாவையும் எறியாமல் கையோடு கொண்டுபோங்கள். எந்தக் கிருமி என்று அதிலிருந்தும் சோதித்துப் பார்ப்பார்கள்.