பெக்கை முதலில் அளக்கச் சொல்லுங்கள், ஐஸ் பிறகு வரட்டும்

ஏப்ரல் மாத வெயிலில் மைசூரில் பாருக்குப் போய் விஸ்கி கேட்பவர் முன் வந்து நிற்பது பெரும்பாலும் ஐஸ் நிரம்பிய தம்ளர்தான். ஐஸ் துண்டுகளுக்கு நடுவே பொன்னிறமாக ஏதோ தெரிகிறது. அது 60 மில்லியா 50 மில்லியா என்று மேசையில் இருப்பவரால் சொல்ல முடியாது. ஐஸ் குடிநீரில் உறைந்ததா, மீன் கூடைக்கு உடைக்கும் ஐஸ் பாரிலிருந்து வந்ததா என்பதும் தெரியாது. இரண்டையும் கேட்டு அறியும் உரிமையை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் தந்திருக்கிறது. வாங்கும் பொருளின் தரம், அளவு, வீரியம், தூய்மை, விலை ஆகியவற்றைத் தெரிந்துகொள்வது நுகர்வோர் உரிமை என்று அதில் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. ஆனால் தம்ளருக்குள் ஐஸ் என்ன செய்கிறது என்று தெரியாதவருக்கு எதைக் கேட்பது என்பதே தெரியாது.

ஐஸ் உருகித்தான் குளிர்விக்கிறது. பூஜ்ஜியம் டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் ஐஸ் உருகித் தண்ணீராக 334 ஜூல் வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை அது விஸ்கியிலிருந்தும் தம்ளரிலிருந்தும் சுற்றியுள்ள காற்றிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. உறைபெட்டியிலிருந்து மைனஸ் 18 டிகிரியில் எடுத்த ஐஸ் உருகுவதற்கு முன்பே கொஞ்சம் குளிர்ச்சி தரும். ஆனால் அது கிராமுக்கு 38 ஜூல் அளவுதான். ஆகவே விஸ்கி சில்லென்று ஆகியிருக்கிறது என்றால் அதில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்றுதான் பொருள். தண்ணீர் சேராமல் குளிரவைக்கும் ஐஸ் என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம்.

ஒரு லார்ஜை எடுத்துக் கணக்குப் பார்ப்போம். நம் நாட்டு விஸ்கியில் பெரும்பாலானவை 42.8 சதவீத ஆல்கஹால் உள்ளவை. 28 டிகிரியில் இருக்கும் 60 மில்லி விஸ்கியை 5 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 15 கிராம் ஐஸ் உருக வேண்டும். இப்போது தம்ளரில் 75 மில்லி இருக்கிறது, வீரியம் 34 சதவீதத்துக்கு இறங்கியிருக்கிறது. இது விஸ்கியை மட்டும் குளிர்விக்க ஆன செலவு. தம்ளர் கனமான கண்ணாடியாக இருந்து, அடுப்படிச் சூட்டில் கழுவி அப்படியே எடுத்து வந்ததாக இருந்தால், அதைக் குளிர்விக்கவே இன்னும் பத்துப் பன்னிரண்டு கிராம் ஐஸ் போய்விடும். நல்ல பாரில் தம்ளரை முன்கூட்டியே குளிர்பெட்டியில் வைத்திருப்பது இதற்காகத்தான்.

அளவும் வடிவமும் இங்கேதான் வருகின்றன. ஐந்து சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு பெரிய ஐஸ் கட்டிக்கு 150 சதுர சென்டிமீட்டர் மேற்பரப்பு. அதே கட்டியை இரண்டரை சென்டிமீட்டர் துண்டுகளாக எட்டாக வெட்டினால் மேற்பரப்பு 300 ஆகிவிடும். ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக்கினால் 750. உருகுவது மேற்பரப்பில்தான் நடக்கிறது. அதனால் சிறு துண்டுகள் சட்டென்று குளிர்வித்துச் சட்டென்று நீர்க்கச் செய்கின்றன, பெரிய கட்டி இரண்டையும் மெதுவாகச் செய்கிறது. அதே கொள்ளளவுள்ள உருண்டைக்கு மேற்பரப்பு 121தான், எல்லா வடிவங்களிலும் குறைவு அதற்குத்தான். உருண்டை ஐஸைக் காட்டிக் கூடுதல் விலை கேட்கும் பார்கள் இதைத்தான் விற்கின்றன. மெதுவாகக் குடிப்பவருக்கு அது பயன்படும், பத்து நிமிடத்தில் முடிப்பவருக்கு விஸ்கி சரியாகக் குளிர்வதற்குள் தம்ளர் காலியாகிவிடும். வேகம்தான் மாறுகிறது. ஒரே வெப்பநிலைக்கு வந்து சேர எந்த வடிவத்து ஐஸும் கிட்டத்தட்ட ஒரே அளவு தண்ணீரைத்தான் விடும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதைத் தெரிந்துகொள்வது நல்லது. வாளியில் அரைமணி நேரமாகக் கிடக்கும் ஐஸின் மேல் உருகிய தண்ணீர் ஒட்டியிருக்கிறது. அந்தத் தண்ணீர் தன் குளிர்ச்சியை ஏற்கெனவே காற்றுக்குக் கொடுத்துவிட்டது. விஸ்கியில் விழும்போது அது குளிர்விக்காது, நீர்க்க மட்டும் செய்யும். ஒட்டும் படலம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்தால்கூட, நாம் பார்த்த பெரிய கட்டியில் ஒன்றரை மில்லிதான் வரும். அதே கட்டியைச் சின்னத் துண்டுகளாக்கினால் ஏழரை மில்லி வந்துவிடும். கண்டுபிடிப்பது எளிது. உலர்ந்த ஐஸ் கையில் ஒட்டிக்கொள்ளும், மேலே வெண்மையாகப் பனி பூத்திருக்கும், அதன்மீது விஸ்கியை ஊற்றினால் பெரும்பாலும் சடசடவென்று வெடிக்கும். நனைந்த ஐஸ் பளபளவென்று வழுக்கும், சத்தம் போடாது. அப்படி இருந்தால் இடுக்கியால் எடுத்து ஒருமுறை உதறிவிட்டுப் போடச் சொல்லலாம்.

காக்டெயில்களில் கணக்கு வேறு. ஷேக்கரில் பத்துப் பன்னிரண்டு வினாடி வேகமாக உலுக்கும்போது பானம் பூஜ்ஜியத்துக்கும் கீழே போகும், ஆல்கஹால் கலந்த நீருக்கு உறைநிலை குறைவு என்பதால். ஊற்றிய அளவில் ஏறக்குறைய பாதியளவு தண்ணீர் அதில் சேர்கிறது. அந்தத் தண்ணீர் செய்முறையின் ஒரு பகுதி, அது இல்லாவிட்டால் குடிக்க முடியாது. எனவே காக்டெயில் நீர்த்திருக்கிறது என்பது மட்டும் புகாருக்குக் காரணம் ஆகாது. எத்தனை மில்லி மதுவை அளந்து ஊற்றினார்கள் என்பதே கேள்வி.

அளவில் நடக்கும் ஏமாற்று நாக்குக்குப் பிடிபடாது. அறுபதுக்குப் பதில் ஐம்பது மில்லி ஊற்றி, அதே 15 மில்லி ஐஸ் தண்ணீர் சேர்ந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். வீரியம் ஏறத்தாழ 33 சதவீதம் வரும். ஒழுங்காக ஊற்றிய பெக்கில் 34. இந்த ஒரு சதவீதத்தை எந்த அனுபவசாலியும் ருசித்துச் சொல்ல முடியாது. பார்வையும் உதவாது, ஏனென்றால் ஐஸ் இடத்தை அடைத்துக்கொள்கிறது. இதைத் தடுக்கும் வழி ஒன்றுதான்: அளவை மேசையில் பார்ப்பது.

"அண்ணா, ஐஸ் போட்டே எடுத்துட்டு வரட்டுமா?"

"வேண்டாம் தம்பி. பெக்கை இங்கேயே அளந்து ஊத்துங்க, ஐஸைத் தனியா கிண்ணத்துல வைங்க."

இப்படிக் கேட்டதற்கு எந்த நல்ல பாரிலும் முகம் சுளிக்க மாட்டார்கள். அளவுக் குவளையில் எடையளவுத் துறையின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி, வியாபாரத்தில் பயன்படுத்தும் அளவைகள் சரிபார்க்கப்பட்டு முத்திரை பெற்றிருக்க வேண்டும். மூடியாலோ, கைக்கணக்காலோ, கம்பெனி இலவசமாகக் கொடுத்த பிளாஸ்டிக் குவளையாலோ ஊற்றினால், கர்நாடக எடையளவுத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

நீர்த்த மது குறைந்த மது என்று நினைப்பதில்தான் உயிருக்கே ஆபத்து இருக்கிறது. 34 சதவீதத்துக்கு இறங்கினாலும் அந்த லார்ஜுக்குள் இருக்கும் ஆல்கஹால் மாறாமல் 20 கிராம்தான். ஐஸ் அதிகமானால் எரிச்சல் தெரியாது, வாசம் அடங்கும், தொண்டையில் இறங்குவது எளிதாகும், அடுத்த தம்ளர் சீக்கிரம் வரும். 60 கிலோ எடையுள்ள ஆண் ஒருவர் வெறும் வயிற்றில் ஒரு லார்ஜ் குடித்தால், இரத்தத்தில் 100 மில்லிக்கு 40 முதல் 50 மில்லிகிராம் வரை ஆல்கஹால் ஏறலாம் என்பது தோராயக் கணக்கு. மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 30. முதல்முறை பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். "ஐஸ் நிறைய போட்டுத்தான் சார் குடிச்சேன்" என்பது ஊதுகுழாய்க்கு முன் செல்லாது. நஞ்சன்கூடு சாலையிலோ பெங்களூர் நெடுஞ்சாலையிலோ வண்டி ஓட்ட வேண்டியிருந்தால் அந்த ஒரு தம்ளரையும் தவிர்க்கத்தான் வேண்டும்.

இனி ஐஸின் சுத்தம். உறைய வைத்தால் கிருமி சாகும் என்ற நம்பிக்கை தவறு. மஞ்சள் காமாலை தரும் ஹெப்படைட்டிஸ் ஏ வைரஸும் வாந்தி பேதி தரும் நோரோ வைரஸும் உறைநிலையைத் தாங்கும். விஸ்கியில் இருக்கும் ஆல்கஹாலும் காப்பாற்றாது. கை கழுவும் சானிடைசரில் குறைந்தது 60 சதவீதம் வேண்டும் என்கிறார்கள், நம் தம்ளரில் இருப்பது 34. உணவைத் தொடும் ஐஸ் குடிநீரில்தான் தயாராக வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளின் நிபந்தனை. சட்டத்தின் பார்வையில் மதுவும் உணவுதான், அதில் போடும் ஐஸுக்கும் அதே விதி. மகாராஷ்டிரத்தில் 2018இல், உண்ணத் தகாத ஐஸுக்கு நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். நிறத்தை மட்டும் நம்பி எல்லா ஊரிலும் இருந்துவிட முடியாது.

கண்ணால் சில அடையாளங்களைக் காணலாம். நடுவில் துளையுள்ள குழாய் வடிவ ஐஸ் இயந்திரத்தில் உறைந்தது. ஒழுங்கற்ற கூர்முனைகளோடு, சில்லும் தூளுமாக வந்தால் அது ஐஸ் பாரை உடைத்து எடுத்தது. அதில் சாக்கு நாரோ உமியோ தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். பளிங்கு போன்ற தெளிவைச் சுத்தத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐஸ் பார் உறையும்போது தண்ணீரில் கரைந்திருந்த உப்பும் அழுக்கும் நடுப்பகுதிக்குத் தள்ளப்பட்டு அங்கே வெள்ளையாகத் தேங்குகின்றன. வெளிப்பகுதி தெளிவாகவே இருக்கும். கலங்கிய நீரிலும் கண்ணாடி போன்ற விளிம்பு கிடைக்கும். "ஐஸ் எங்கிருந்து வாங்குகிறீர்கள், ஃபாக்டரியின் உணவு உரிமம் இருக்கிறதா?" என்று கேட்பதே நேர் வழி.

புகார் கொடுக்க முதல் தேவை ரசீது. அதில் கடையின் 14 இலக்க உணவு உரிம எண் 2022 ஜனவரி முதல் கட்டாயம். அந்த எண்ணோடு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்கு எழுதலாம். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதித்துக்கொள்ளும் உரிமையை வாங்கியவருக்கே தருகிறது. சோதிக்கப் போகிறேன் என்பதை வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும், அறிக்கை 14 நாளில் வர வேண்டும். பொருள் விதிக்கு மாறானது என்று தெரிந்தால் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம். ஐஸ் விஷயத்தில் இது கொஞ்சம் கஷ்டம். வீட்டு பாட்டிலில் உருகிய தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போனால், கிருமி பாட்டிலிலிருந்து வந்ததா ஐஸிலிருந்து வந்ததா என்று யாரும் சொல்ல முடியாது. அதிகாரி தானே வந்து, கிருமி நீக்கிய கலத்தில், குளிர் குறையாமல் மாதிரி எடுப்பதே பயன்படும். அதனால் ஐஸுக்குப் புகார்தான் சிறந்த தொடக்கம். கடைக்காரர் அறிக்கையை எதிர்த்து மேல்முறையீடு செய்தால் மாதிரி ஒரு பரிந்துரை ஆய்வகத்துக்குப் போகலாம், அதன் முடிவே இறுதி. அத்தகைய ஆய்வகங்களில் ஒன்று மைசூரிலேயே இருக்கிறது. செலுவாம்பா மாளிகையில் 1950 முதல் இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம்தான் அது.

அளவுக் குறைவுக்கோ, ஐஸால் வந்த உடல்நலக் கேட்டுக்கோ இழப்பீடு வேண்டுமென்றால் மைசூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பதிவு செய்யலாம், அங்கேயே பல புகார்கள் தீர்ந்துவிடுகின்றன. தீராவிட்டால் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைப்பதும் கட்டாயமில்லை. உடல்நலக் கேட்டுக்கான மனுவில் மருத்துவர் சீட்டில் உள்ள தேதியும் பார் ரசீதின் தேதியும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பார்கள். அதனால் வாந்தி பேதி தொடங்கிய அன்றே மருத்துவரிடம் போய், எங்கே என்ன குடித்தீர்கள் என்பதையும் அந்தச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.