டாலர் நடுவில், கொக்கி பிடரியில்

கழுத்து வடிவக் காட்சிப் பொம்மையில் போடப்பட்ட தங்கச் சங்கிலி சரியாக இருக்கிறதா என்பதை அதன் எடை எங்கே இறங்குகிறது என்று பார்த்தே சொல்லிவிடலாம். டாலர் இல்லாத சங்கிலி இரு முனைகளிலிருந்தும் தொங்கும்போது, அடியில் மென்மையாக வளையும் ஒரு வளைகோடாகிறது. இந்த வளைகோட்டின் கணக்கை 1691-இல் ஹைகன்ஸ், லைப்னிட்ஸ், யோஹான் பெர்னூலி ஆகிய மூவரும் தீர்த்தார்கள். நடுவில் கனமான டாலர் சேர்ந்தால் இருபுறமும் இழுபட்டு ஏறக்குறைய நேர்கோடுகளாகி, டாலர் இருக்கும் இடத்தில் ஒரு கூர்மை தெரியும். டாலருக்கு மேலேயும் சங்கிலி வட்டமாக வளைந்து நிற்கும் படம் நம்பும்படியாக இருக்காது; அங்கே டாலருக்கு எடையே இல்லாததுபோல் தோன்றும்.

பொம்மையின் சாய்வும் இதில் பங்கு வகிக்கிறது. மார்புப் பகுதி சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருந்தால் டாலர் அதன்மேல் படிந்து உட்காரும். செங்குத்தாக இருந்தாலோ டாலர் முன்னே எட்டி நின்று, அதன் பின்னால் ஓர் இருண்ட நிழல் விழும். சில பொம்மைகளில் தோள் மிக அகலம்; அவற்றில் சங்கிலி அகன்று, டாலர் உயரே ஏறிவிடும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது கண்ணிகளை. சாதாரணச் சங்கிலியில் ஒரு கண்ணி முகம் காட்டினால் அடுத்தது விளிம்பு காட்டும். இப்படி மாறி மாறி வரும். தட்டைச் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியும் முறுக்கப்பட்டிருப்பதால் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்திருக்கும். இரண்டிலும் ஒரு கண்ணி அடுத்ததற்குள் நுழைந்தே செல்கிறது, கம்பியின் கனமும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒன்றே. வரைந்த படங்களிலும் கணினியில் திருத்திய படங்களிலும் கண்ணிகள் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியபடி மட்டும் இருப்பதுண்டு. அவற்றைச் சங்கிலி என்று சொல்ல முடியாது.

18 அங்குலத் தட்டைச் சங்கிலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கொக்கியை மாட்டும்போது ஒரு முனை அரைச் சுற்று திரும்பியிருந்தால், சங்கிலியின் ஏதோ ஓரிடத்தில் அகலம் திடீரென மறைந்து மெல்லிய கோடாகத் தெரியும். அதற்கு அருகே டாலரும் ஒரு பக்கமாகத் திரும்பும். விரலால் அழுத்திச் சரிசெய்தால் முறுக்கு வேறிடத்துக்கு நகருமே தவிரப் போகாது. கொக்கியைக் கழற்றி, ஒரு முனையைப் பிடித்துத் தொங்கவிட்டு, மேலிருந்து கீழாக இரு விரலால் மெல்ல உருவிவிட வேண்டும். முறுக்கு தானாகக் கீழே அவிழ்ந்துவிடும். அதன்பிறகு பொம்மையில் போட்டு மாட்டலாம்.

டாலரைத் தாங்கும் வளையத்தில்தான் அதிகம் தவறு நேர்கிறது. சங்கிலி இடமிருந்து வலமாக ஓடுகிறது. ஆகவே அது நுழையும் வளையத்தின் வாய் பக்கவாட்டில் இருக்க வேண்டும். காசு போன்ற தட்டையான டாலரில் பற்றவைத்த வளையமோ காசின் முகத்தோடு ஒரே நோக்கில் இருக்கும். அதில் நேராகச் சங்கிலியைக் கோத்தால் காசு விளிம்பைக் காட்டித் திரும்பி நிற்கும். நடுவே இன்னொரு சிறு வளையம் சேர்த்தால்தான் காசு பார்ப்பவரை நோக்கும். அந்த வளையம் கொக்கி நுழைந்து வரும் அளவுக்குப் பெரிதாக இருந்தால்தான் பிறகு டாலரை மாற்றவும் முடியும்.

சங்கிலியின் பின்புறம் பிடரியில் இருக்கும் 'எஸ்' கொக்கி எளிமையானது. அதன் ஒரு வளைவு சங்கிலி முனையின் வளையத்தை விடாமல் பிடித்திருக்கும். மறு வளைவு சிறிதளவே திறந்திருக்கும். எதிர்முனை வளையம் அந்த வாயில் லேசாக அழுத்தித்தான் நுழைய வேண்டும். எடை இறங்கியதும் வளையம் வாயை விட்டு விலகி வளைவின் அடியில் போய் அமரும். வளையம் வாயருகே நிற்பதாக ஒரு படம் காட்டினால் எடை எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை எடுத்தவர் கவனிக்கவில்லை. முனை வளையத்தில் வெட்டுவாய் தெரிந்தால், அது பற்றவைக்கப்படாதது. கனமான டாலருக்கு அது ஆபத்து.

பொம்மைக்குப் பின்னால் சங்கிலியை இழுத்து ஊசி குத்தி வைப்பது வழக்கம். அப்போது மீதிச் சங்கிலி பின்னே ஒளிந்துகொள்வதால், 18 அங்குலம் 16 அங்குலமாகத் தெரியும். வாங்குபவர் வீட்டில் போட்டதும் டாலர் எதிர்பார்த்ததைவிடத் தாழ்வாக இறங்கும். ஆகவே கொக்கியை உண்மையாகவே மாட்டி, பின்புறத்தையும் தனிப் படமாக எடுப்பதே நேர்மையானது. அந்தப் படத்தில் முனை வளையத்தின் உட்புறமும் தெரிய வேண்டும். பழைய சங்கிலிகளில் கொக்கி உரசி அங்கே பள்ளம் விழுந்திருக்கும், தங்கம் மெலிந்து அறுவதும் அந்த இடத்தில்தான். கொக்கிக்கு அருகே ஹால்மார்க் பொறித்திருந்தால் அதையும் நெருங்கிப் படமெடுக்க வேண்டும்: 22 காரட்டுக்கு 916 என்ற எண்ணும், இந்தியாவில் 2023 ஏப்ரல் முதல் கட்டாயமான ஆறெழுத்து அடையாளக் குறியீடும் படத்தில் வாசிக்கக் கூடியதாக இருக்க வேண்டும்.