மழை வந்தால் அணையும் தோட்ட விளக்கு

புரட்டாசி வரை விளக்குகள் ஒழுங்காக எரியும். ஐப்பசி அடைமழை பிடித்ததும் ஆர்.சி.சி.பி. 'டப்'பென்று விழும், இரண்டு நாள் வெயில் அடித்தால் மறுபடி நிற்கும். மழையோடு வந்து வெயிலோடு போகும் கோளாறு என்றால் வயர்மேன் முதலில் சந்தேகிப்பது மண்ணுக்குள் இருக்கும் ஜாயிண்டைத்தான்.

கேட்டிலிருந்து வாசல் வரை 25 மீட்டர் பாதை, ஓரமாக 9 வாட்டில் ஆறு விளக்குகள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 54 வாட். ஓடுவது கால் ஆம்பியர் மின்சாரம். இதற்குப் போய் பெரிய கேபிளா என்று வீட்டுக்குள் போடும் சாதாரண வயரையே பி.வி.சி. பைப்பில் நுழைத்துப் புதைப்பவர்கள் உண்டு. மண்ணுக்குள் பைப் உலர்ந்தே இருக்கும் என்பது வெறும் நம்பிக்கை. இணைப்புகள் வழியே நீர் கசியும், உள்ளேயும் ஈரம் வியர்க்கும். வயரின் மேலுறையில் ஒரு கீறல் இருந்தால் போதும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவரின் உயிரைப் பறிக்க அந்தக் கால் ஆம்பியரில் சிறு பங்கே போதும். 30 மில்லியாம்பியர் கசிந்தாலே விழும் ஆர்.சி.சி.பி. இந்த லைனுக்குக் கட்டாயம் வேண்டும் என்பது அதனால்தான்.

மண்ணில் நேரடியாகப் புதைக்க ஏற்றது 2.5 சதுர மி.மீ. செம்பு கொண்ட மூன்று கோர் ஆர்மர்டு கேபிள். அதைச் சுற்றியுள்ள இரும்புக் கவசத்தையும் எர்த்தில் சேர்க்க வேண்டும்.

ஆழம் 75 செ.மீ., அதாவது இரண்டரை அடி. தென்னைக்குப் பாத்தி எடுக்கிறவரின் மண்வெட்டி கேபிளை எட்டாதிருக்கத்தான் இவ்வளவு ஆழம். அடியில் ஒரு சாண் அளவுக்குச் சற்றுக் குறைவாக மணல், அதன்மேல் கேபிள், மறுபடி மணல், மேலே வரிசையாகச் செங்கல். தரைக்கு ஓரடி கீழே எச்சரிக்கை நாடா விரித்துவிட்டால், நாளை தோண்டுகிறவர் அதைப் பார்த்துக் கையை நிறுத்துவார்.

ஜாயிண்ட் விஷயத்தில் நல்ல வயர்மேன் தேடுவது, மண்ணுக்குள் அது இல்லாமலே செய்யும் வழியை. கேபிள் முதல் விளக்கின் அடிப்பெட்டிக்குள் ஏறி, அங்கிருந்து இறங்கி அடுத்த விளக்குக்குப் போகும். இணைப்பு எல்லாம் தரைக்கு மேலே, ரப்பர் வாஷர் உள்ள ஐ.பி.66 பெட்டியில். கேபிள் கீழ்ப்பக்கமாகவே, இறுகிய கிளாண்ட் வழியே நுழையும். தவிர்க்கவே முடியாமல் மண்ணில் இணைக்க நேர்ந்தால் ரெசின் ஊற்றி இறுகவைக்கும் ஜாயிண்ட் கிட் வேண்டும். கறுப்பு டேப்பை எத்தனை சுற்று சுற்றினாலும் அது நீரைத் தடுக்காது. உள்ளே போனதை வெளியேவிடாமல் வேண்டுமானால் பிடித்துவைக்கும்.

இந்த அமைப்பில் இன்னொரு வசதி, பழுதைத் தேடுவது எளிது. மெயினை அணைத்துவிட்டு மூன்றாவது விளக்கின் பெட்டியில் லைனைப் பிரித்து, விளக்குகளையும் கழற்றி, இரு பாதிகளையும் 500 வோல்ட் மெகரால் சோதித்தால், கெட்ட பாதி தெரிந்துவிடும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அங்கேதான் கசிவு. பள்ளத்தை மூடும் முன்பும், மூடிய பின்பும் உரிமம் பெற்ற வயர்மேன் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். மூடுவதற்கு முன், சுவரிலிருந்து கேபிள் எத்தனை அடி தள்ளிப் போகிறது என்று அளந்து மெயின் போர்டு கதவின் உட்புறம் எழுதி ஒட்டுவது வீட்டுக்காரர் வேலை.