கண்ணுக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது

பழைய தமிழ் நூல் ஒன்றின் பிடிஎஃப் கோப்பைத் திறக்கிறீர்கள். எழுத்துகள் பளிச்சென்று இருக்கின்றன. ஒரு வரியை நகலெடுக்க மவுஸை இழுத்தால் எதுவும் பிடிபடவில்லை. Ctrl+F போட்டுத் தேடினால், கண்ணெதிரே இருக்கும் சொல்லையே இல்லை என்கிறது.

கணினி சொல்வது உண்மைதான். அந்தக் கோப்பில் எழுத்தே கிடையாது. தட்டச்சு செய்த கோப்பில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் பதிவாகியிருக்கும். 'க' என்றால் யூனிகோடில் U+0B95. தேடலும் நகலெடுப்பும் அந்த எண்களை வைத்தே நடக்கின்றன. ஸ்கேனரோ பக்கத்தைப் படம் பிடிப்பதோடு சரி. ஏ4 தாளை 300 டிபிஐ அளவில் எடுத்தால் சுமார் 87 லட்சம் புள்ளிகள் கிடைக்கும். எந்தப் புள்ளி கருப்பு, எது வெள்ளை என்பதுதான் அதில் இருக்கும். அவற்றைச் சேர்த்து 'க' என்று படிப்பது நம் கண்.

சந்தேகம் இருந்தால் பக்கத்தை 800 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். தட்டச்சுக் கோப்பில் எழுத்தின் விளிம்பு வழவழப்பாகவே இருக்கும். படமாக இருந்தால் விளிம்பு மங்கும், அல்லது படிக்கட்டுபோல உடையும்.

மேலே படம், அடியில் எழுத்து

இதற்குத் தீர்வு ஓசிஆர். படத்தில் உள்ள வடிவங்களை எழுத்துகளாக அடையாளம் காணும் மென்பொருள் இது. இலவசமாகக் கிடைக்கும் ஓசிஆர்மைபிடிஎஃப் நிரலையும் தமிழ் மொழிக் கோப்பையும் நிறுவிவிட்டால், ஒரே வரிக் கட்டளை போதும்:

```
ocrmypdf -l tam nool.pdf puthiya.pdf
```

பக்கத்தின் படம் அப்படியே இருக்க, கண்ணுக்குத் தெரியாத எழுத்து அடுக்கு ஒன்று அதனுடன் சேர்ந்துவிடும். இனி மவுஸ் பிடிப்பது அந்த அடுக்கைத்தான்.

சிக்கலும் அங்கேதான். பழைய அச்சு பலவற்றில் 'ர'வுக்கும் துணைக்காலுக்கும் வடிவ வேறுபாடு இருக்காது. நாம் இடம் பார்த்து 'மரம்' என்று படித்துவிடுவோம். மென்பொருள் 'மாம்' என்று எழுதிவைக்க வாய்ப்புண்டு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல் என்றால், துதிக்கைச் சுழி போட்ட ஐகார எழுத்துகளும் இப்படிச் சிதையலாம். திரையில் தெரிவது படம் என்பதால் பிழை நம் கண்ணில் படாது.

எனவே அடுக்கைச் சோதிக்க வேண்டும். ஒரு பத்தியை நகலெடுத்து வேறொரு கோப்பில் ஒட்டி, படத்தோடு ஒப்பிடுங்கள். 'மரம்' எல்லாம் 'மாம்' ஆகியிருந்தால், 'மாம்' என்றும் சேர்த்துத் தேடுங்கள். மேற்கோளை மட்டும் படத்தைப் பார்த்தே எழுதுங்கள். இவ்வளவும் செய்யாமல், தேடலில் வரவில்லை என்பதற்காக அந்தச் சொல் நூலில் இல்லை என்று எழுதிவிடக் கூடாது.