மதிப்பெண் பட்டியலில் இல்லாதது

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில், ஆகஸ்டில் தொடங்கும் எம்.எஸ். படிப்புக்கான விண்ணப்பக் கெடு முந்தைய டிசம்பரிலோ ஜனவரியிலோ முடிந்துவிடும். அதனால் அக்டோபர் வந்துவிட்டால் பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் அலுவலகங்களில் டீம் லீடுகளிடம் ஒரு வேண்டுகோள் வரத் தொடங்கும்: “சார், எனக்கு ஒரு எல்.ஓ.ஆர். வேணும்.” பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: “நீயே எழுதி அனுப்பு, நான் பார்த்துப் போட்டுடறேன்.” கடிதம் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான்.

வழக்கமாக மூன்று பரிந்துரைக் கடிதங்கள் கேட்பார்கள். வேலைக்குப் போனவர்கள் கல்லூரிப் பேராசிரியர்களிடம் இரண்டு வாங்கிவிட்டு, மூன்றாவதுக்கு மேலாளரிடம் வருவார்கள். வகுப்பில் எப்படிப் படித்தார் என்பதைப் பேராசிரியர் சொல்லிவிடுவார். பாடத்திட்டமும் விடைத்தாளும் இல்லாத இடத்தில், சிக்கல் எது என்றே தெளிவாகாத நிலையில், இவர் என்ன செய்கிறார் என்பதை அருகிலிருந்து பார்த்தவர் மேலாளர் மட்டுமே. அந்தப் பார்வையை விண்ணப்பதாரரே தனக்காக எழுதிக்கொள்ள முடியாது. எழுதினால், தன் நோக்க உரையில் சொன்னதையே அதே நடையில் திரும்பச் சொல்லுவார். தேர்வுக் குழுவினர் ஒரே மேஜையில் இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கிறார்கள்; ஒரே கை எழுதியது என்று கண்டுபிடிப்பது கடினமல்ல. கடிதத்தைப் பரிந்துரைப்பவரே எழுத வேண்டும் என்று பல பல்கலைக்கழகங்கள் நிபந்தனையும் வைக்கின்றன.

கடிதம் போகும் வழியும் அதற்கேற்பவே அமைந்திருக்கிறது. விண்ணப்பதாரர் மேலாளரின் பெயர், பதவி, மின்னஞ்சல் முகவரியை இணையதளத்தில் பதிவு செய்வார். மேலாளருக்கு நேரடியாக ஒரு இணைப்பு வரும். கடிதத்தை அவரேதான் பதிவேற்ற வேண்டும். கொடுக்கும் முகவரி அலுவலக முகவரியாக இருப்பது நல்லது. யார் வேண்டுமானாலும் தொடங்கக்கூடிய ஜிமெயில் முகவரியிலிருந்து வரும் கடிதத்தைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். 1974-இல் வந்த அமெரிக்கச் சட்டம் ஒன்று, மாணவர்கள் தங்கள் கல்வி ஆவணங்களைப் பார்க்கும் உரிமையைத் தருகிறது. பரிந்துரைக் கடிதங்களைப் பொறுத்தவரை அந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று விண்ணப்பத்திலேயே கேட்பார்கள். பெரும்பாலோர் ‘ஆம்’ என்றே குறிக்கிறார்கள். தன் கண்ணில் படாத கடிதம் என்றால் எழுதியவர் மனம்விட்டு எழுதியிருப்பார் என்று படிப்பவர் நம்புவார்.

உள்ளே என்ன எழுதுவது? ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு வங்கியின் மென்பொருளைப் பராமரிக்கும் குழு. மூன்றாண்டு அனுபவமுள்ள ஒரு பெண் தரவு அறிவியல் எம்.எஸ்.ஸுக்கு விண்ணப்பிக்கிறார். அவருடைய டீம் லீட் அவசரத்தில் எழுதினால் இப்படித்தான் வரும்: ‘இவர் கடின உழைப்பாளி. எதையும் விரைவில் கற்றுக்கொள்வார். குழுவினரோடு இணக்கமாகப் பழகுவார்.’ இதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் பெயரை மாற்றிவிட்டால் பக்கத்து இருக்கைக்காரருக்கும் இதே கடிதம் பொருந்தும்.

அந்த லீட் கொஞ்சம் உட்கார்ந்து யோசித்தால் ஒரு சம்பவம் நினைவுக்கு வரும். மாதத் தொடக்கத்திலிருந்து அன்றுவரையான பரிவர்த்தனைகளைத் தொகுக்கும் வேலை இரவில் தானாக ஓடும். அதற்கு 4 மணி நேரம் பிடித்தது; சில நாள் விடிந்தும் முடியாது. பெரிய சர்வர் வாங்கலாம் என்று குழு பேசிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த வேலை, நின்றுபோனால் மறுபடி ஓடவிடுவது மட்டும். அவரோ ஒவ்வொரு படிக்கும் எத்தனை நிமிடம் ஆகிறது என்று இரண்டு வாரம் பதிவு செய்தார். நேரத்தில் பெரும்பகுதியை ஒரே ஒரு வினவல் தின்றுகொண்டிருந்தது. தேதியைத் தேடும் முன் அதை வேறு வடிவத்துக்கு மாற்றும்படி அது எழுதப்பட்டிருந்ததால், தரவுத்தளத்தால் தேதி அட்டவணையைப் பயன்படுத்த முடியவில்லை. புத்தகத்தின் கடைசியில் சொல்லடைவு இருந்தும் முதல் பக்கத்திலிருந்து தேடுவது போல, எல்லா வரிகளையும் படித்துக்கொண்டிருந்தது. ‘இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை’ என்று மாற்றி எழுதினார். வேலை 50 நிமிடத்தில் முடிந்தது.

பலரும் கதையை இங்கேயே முடித்துவிடுவார்கள். கடிதத்துக்கு உயிர் தருவது இதற்குப் பிறகு நடந்தது. அவர் உடனே பழையதைத் தூக்கிவிடவில்லை. பழையதையும் புதியதையும் சேர்த்து ஓடவிட்டு, கூட்டுத்தொகைகளை ஒப்பிட்டார். பொருந்தவில்லை. ‘31-ஆம் தேதி வரை’ என்பதைத் தரவுத்தளம் 31 பிறக்கும் நள்ளிரவு 12 மணி என்று எடுத்துக்கொண்டதால், கடைசி நாளின் பரிவர்த்தனைகள் விடுபட்டிருந்தன. தானே கண்டுபிடித்து, தானே திருத்தி, எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் அனுப்பினார். ஊகிக்காமல் அளப்பது, தனக்குச் சாதகமாக வந்த விடையையும் சந்தேகிப்பது: தரவு அறிவியல் படிக்க வருபவரிடம் தேர்வுக் குழு தேடுவது இந்த இரண்டையும்தான். லீட் இந்தச் சம்பவத்தை ஒரு பத்தியில் சொன்னாலே போதும். ‘கூர்மையானவர், நேர்மையானவர்’ என்று தனியாக எழுத வேண்டியதில்லை. வங்கியின் பெயரையும் அதன் உள்விவரங்களையும் மட்டும் தவிர்த்துவிட வேண்டும்.

‘கடின உழைப்பாளி’ என்ற புகழ்ச்சியில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிரான்சிஸ் டிரிக்ஸ், கரோலின் சென்கா என்ற இரு ஆய்வாளர்கள், ஓர் அமெரிக்க மருத்துவக் கல்லூரியில் ஆசிரியர் பணிக்கு வந்த 300-க்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களைப் படித்து 2003-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெண்களுக்கான கடிதங்கள் சராசரியில் சிறியவை. உழைப்பைப் புகழும் சொற்கள் அவற்றில் கூடுதலாக இருந்தன. ஆண்களுக்கான கடிதங்கள் ஆய்வையும் திறமையையும் அதிகம் பேசின. ஒருவரை உழைப்பாளி என்று மட்டுமே சொன்னால், புத்தியைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை போலும் என்று படிப்பவர் முடிவு கட்டக்கூடும். எழுதி முடித்ததும், இந்தப் பெண்ணின் இடத்தில் ஓர் ஆண் இருந்திருந்தால் இதே சொற்களைப் போட்டிருப்பேனா என்று லீட் ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

கடிதத்தோடு ஒரு படிவமும் வரும். அறிவுத்திறன், எழுத்து, குழுப்பணி என ஒவ்வொன்றிலும் முதல் 5 சதவீதமா, 10 சதவீதமா, 25 சதவீதமா என்று கேட்கும். எல்லாக் கட்டத்திலும் உச்சத்தையே குறித்தால் எதற்கும் மதிப்பில்லாமல் போகும். எழுத்து சுமார் என்றால் ஒரு படி இறக்கிக் குறித்துவிட்டு, கடிதத்தில் காரணத்தையும் சொல்லலாம்: ‘அறிக்கைகளைச் சுருக்கமாக எழுதத் தடுமாறினார், கடந்த ஓராண்டில் தேறியிருக்கிறார்.’ யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதும் தெரிய வேண்டும். ‘மிகச் சிறந்தவர்’ என்பதைவிட ‘8 ஆண்டுகளில் என்னிடம் வேலை பார்த்த 20 பேரில் முதல் மூவரில் ஒருவர்’ என்பது எடை கூடிய வாக்கியம். தன் கண்ணால் பார்க்காததை, உதாரணமாக ஆராய்ச்சித் திறனை, மேலாளர் சான்றளிக்கப் போகக்கூடாது. அது பேராசிரியரின் கணக்கு.

கேட்பவரும் செய்ய வேண்டியது உண்டு. கெடுவுக்கு ஐந்தாறு வாரம் முன்பே கேட்க வேண்டும். எந்தப் படிப்பு, எந்தத் தேதி, நாம் சேர்ந்து பார்த்த வேலைகளில் நினைவூட்ட வேண்டியவை எவை என்று ஒரு பக்கக் குறிப்பு கொடுக்கலாம். குறிப்புக் கொடுப்பது வேறு, கடிதத்தையே எழுதிக் கொடுப்பது வேறு. சில நிறுவனங்களில் லெட்டர்ஹெட்டில் எழுத ஹெச்.ஆர். அனுமதி வேண்டும், அதையும் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. யோசித்தும் சொல்லும்படியாக ஒரு சம்பவம்கூட மேலாளருக்குத் தோன்றவில்லையென்றால், அக்டோபரிலேயே அதைச் சொல்லிவிடலாம்: “உன்னோட வேலையை நெருங்கிப் பார்த்தவங்ககிட்ட கேளும்மா, இன்னும் நல்லா எழுதுவாங்க.” டிசம்பரில் வரும் வெற்றுப் புகழ்ச்சியைவிட அவருக்கு அது பயன்படும், வேறொருவரைத் தேட இன்னும் நாள் இருக்கிறது.